ஸ்லிப்பேஜ், ரீகோட்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மணிமேகலை:
பங்கு, நாணய வணிகச் செயலி ஒன்றைத் தமிழாக்குகிறோம். எதிர்பார்த்த விலை ஒன்று, வணிகம் முடியும் விலை வேறொன்று என்று ஆகும் ஸ்லிப்பேஜுக்கு ‘விலைச்சறுக்கல்’ என்று வைத்திருக்கிறேன். ரீகோட்டுக்கும் அதையே வைக்கலாமா? இரண்டிலும் கேட்ட விலை கிடைப்பதில்லையே.

சேகர்:
இரண்டுக்கும் ‘விலைமோசடி’ என்றே எழுதுங்கள். 1,000 பங்குகளுக்கு 100 என்ற விலையில் ஸ்டாப் ஆணை போட்டிருந்தேன். சந்தை சரிந்த நாளில், சராசரி 99.54க்கு விற்றுவிட்டு, அதுதான் சந்தை விலை என்றார்கள்.

இளங்கோ:
சேகர், உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அந்த 100 விற்பனை விலை அல்ல. ஆணையை விழிக்கச் செய்யும் புள்ளி மட்டுமே. சந்தை அதைத் தொட்டதும் உங்கள் ஆணை ‘கிடைத்த விலைக்கு விற்றுவிடு’ என்று மாறிவிடுகிறது. அப்போது 100க்கு வாங்க 200 பங்குகளுக்கும், 99.80க்கு 300க்கும், 99.20க்கு 500க்கும் மட்டுமே ஆள் இருந்திருந்தால் சராசரி சரியாக 99.54தான் வரும். பங்கு வாரியான விலை, நேர விவரங்களைக் கேட்டு வாங்கி, அதே நொடியில் சந்தையில் நடந்த வணிகத்தோடு ஒப்பிடுங்கள். அங்கே பொருந்தாவிட்டால் புகார் செய்யலாம்.

வாங்குபவர்களே இல்லாமல் போவதும் உண்டு. 2015 ஜனவரி 15 அன்று, ஒரு யூரோ 1.20 பிராங்குக்குக் கீழே இறங்க விடுவதில்லை என்ற கொள்கையைச் சுவிஸ் தேசிய வங்கி திடீரெனக் கைவிட்டது. சில நிமிடங்களில் யூரோ 1 பிராங்குக்கும் கீழே விழுந்தது. 1.20க்குச் சற்றுக் கீழே ஸ்டாப் வைத்திருந்த பலருக்கு அதைவிட வெகு கீழான விலையிலேயே விற்பனை முடிந்தது.

ரீகோட் வேறு, மணிமேகலை. அதில் வணிகம் இன்னும் நடக்கவில்லை. ‘நீங்கள் கேட்ட விலை போய்விட்டது, இந்த விலைக்குச் சம்மதமா?’ என்று விலை தருபவர் திரும்பக் கேட்கிறார். மறுக்கலாம், ஆனால் நீங்கள் யோசிப்பதற்குள் அந்த விலையும் நகர்ந்துவிடும். ‘மறுவிலை’ என்றால் போதும்.

நூர்ஜகான்:
‘சறுக்கல்’ எனக்கு உறுத்துகிறது. சில நேரம் எதிர்பார்த்ததைவிட நல்ல விலையும் கிடைக்கிறது, அதுவும் ஸ்லிப்பேஜ்தான். இரு பக்கமும் பொருந்த ‘விலைப்பெயர்வு’ என்கிறேன்.

சேகர்:
கணக்கு விளங்கியது. 99.80க்குக் கீழே விற்காதே என்று வரம்பு சேர்த்திருந்தால் தப்பித்திருப்பேனே?

இளங்கோ:
500 பங்குகள் 99.80 அல்லது அதற்கு மேல் போயிருக்கும். மீதி 500 விற்காமல் நிற்கும். விலை 95க்கு இறங்கினாலும் அவை உங்கள் கையில்தான்.

மணிமேகலை:
‘மறுவிலை’, ‘விலைப்பெயர்வு’ இரண்டையும் எடுத்துக்கொள்கிறேன். ஸ்டாப் ஆணைக்கு ‘நட்டத்தடுப்பு ஆணை’ என்று எழுதியிருந்தேன். நட்டம் அந்த அளவோடு நிற்கும் என்று வாக்குக் கொடுப்பதாக இப்போது தோன்றுகிறது. ‘தூண்டுவிலை ஆணை’ சரிவருமா?

நூர்ஜகான்:
பொருள் சரி. ஆனால் சேகர் சொன்ன வரம்பு வைத்த ஆணைக்கும் தூண்டுவிலை உண்டே. இரண்டையும் எப்படிப் பிரிப்பீர்கள்?