கமிஷன் மட்டும் போதுமா? சின்ன கிரியேட்டர்களுக்கு என்ன கொடுப்பது, பலனை எப்படிக் கணக்கிடுவது

முல்லை: முகத்துக்குப் பூசும் எண்ணெய் ஒன்றை ஆன்லைனில் விற்கிறோம். 5,000 முதல் 15,000 ஃபாலோயர் உள்ள எட்டு கிரியேட்டர்களிடம் பேசியாயிற்று. ஆளுக்கொரு கூப்பன் கோடு, விற்றால் கமிஷன் என்று முடித்துக்கொள்ளலாமா? கோடு எத்தனை முறை பயன்பட்டது என்பதை வைத்து யாரைத் தொடர்வது என்று முடிவெடுத்தால் சரியாக வருமா?

துரை: தாராளமாக. விற்றால் இருவருக்கும் லாபம், விற்காவிட்டால் உங்களுக்கு நஷ்டமில்லை. முன்பணம் வாங்கியவர்கள் பலர் கடமைக்கு ஒரு ஸ்டோரி போட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். கோடு பொய் சொல்லாது.

சங்கர்: 5,000 ஃபாலோயரை வைத்து என்ன விற்கும்? எட்டு பேருக்குக் கொடுப்பதை ஒரு பெரிய ஆளிடம் கொடுங்கள்.

வேலன்: சங்கர், அவர் கேட்டது வேறு. ஃபாலோயர் எண்ணிக்கையும் இங்கே பெரிதில்லை. கடைசிப் பத்து ரீல்களின் ரீச், பார்ப்பவர்கள் எந்த ஊர்க்காரர்கள், இந்த இரண்டுக்கும் ஸ்கிரீன்ஷாட் கேளுங்கள். டெலிவரி போகாத ஊர்க்காரர்கள் பாதிப்பேர் பார்த்தால் ரீச் இருந்தும் பயனில்லை.

துரை, கோடு பொய் சொல்லும், அதுவும் இரண்டு பக்கமும். ரீல் பார்த்தவர் லிங்கை அழுத்தினால் அது ஆப்புக்குள் இருக்கும் பிரவுசரில்தான் திறக்கும். இரவு லேப்டாப்பில் கடைப் பெயரைத் தேடி, கோடு மறந்துபோய் முழு விலைக்கு வாங்குவார். அந்த ஆர்டர் கிரியேட்டர் கணக்கில் ஏறாது. மறுபுறம், பணம் கட்டும் பக்கத்தில் கூப்பன் பெட்டியைக் கண்டதும் இன்னொரு டேப் திறந்து கோடு தேடுபவர்கள் உண்டு. கூப்பன் தளத்தில் கோடு கசிந்திருந்தால், வீடியோவையே பார்க்காதவரும் அதைப் போடுவார். ரீல் போட்டு மூன்று நான்கு நாளில் ஏறி இறங்க வேண்டிய எண்ணிக்கை, வாரக்கணக்கு கழித்துத் திடீரென்று ஏறினால் கசிவு என்று சந்தேகப்படுங்கள். கோடுக்கு 30 நாள் கெடு வையுங்கள்.

ஆளுக்கொரு லிங்கும் கொடுங்கள். கடைப் பக்க முகவரியின் முடிவில் இதைச் சேருங்கள், கடைசிப் பகுதி மட்டும் ஆளுக்கு ஆள் மாறட்டும்:

```
?utm_source=instagram&utm_medium=creator&utm_campaign=oil1&utm_content=c03
```

ஆர்டர் முடிந்ததும் “எங்களைப் பற்றி எங்கே தெரிந்துகொண்டீர்கள்?” என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். கோடும் லிங்கும் தவறவிட்டவர்கள் பலர் அந்தப் பதிலில் சிக்குவார்கள்.

நிலா: நான் கிரியேட்டர் பக்கம். கமிஷன் மட்டும் என்றால் நான் ஒத்துக்கொள்வதில்லை. எழுதி, எடுத்து, எடிட் செய்த வேலை முடிந்துவிட்டது. ஸ்டாக் தீர்ந்தாலும், கடைசிப் பக்கத்தில் டெலிவரிக் கட்டணம் எகிறினாலும் விற்காது, அது என் கையில் இல்லை. அதைவிடப் பெரிய பிரச்சினை வேறு. ஒரு பிராண்ட் என் ரீலைக் கேட்காமலே மாதக்கணக்கில் விளம்பரமாக ஓட்டியது. “பயன்பாட்டு உரிமை” என்று ஒப்பந்தத்தில் ஒரு வரிதான் இருந்தது. எத்தனை நாள், எந்தத் தளம் என்று எதுவும் இல்லை.

வேலன்: நிலா சொல்வதை முல்லை குறித்துக்கொள்ள வேண்டும். கிரியேட்டர் தன் பக்கத்தில் போடுவதற்கு ஒரு கட்டணம், நீங்கள் விளம்பரமாக ஓட்டுவதற்குத் தனிக் கட்டணம், அதற்கு நாள் வரம்பு. எத்தனை முறை திருத்தம் கேட்கலாம், பணம் எந்தத் தேதியில் வரும், இவையும் எழுத்தில் இருக்கட்டும். கட்டணப் பதிவு என்ற லேபிள் கட்டாயம். எண்ணெய் என்பதால் பொருளை மூன்று வாரம் முன்பே அனுப்புங்கள். நேற்று வந்த பாட்டிலை இன்று புகழ்ந்தால் பார்ப்பவருக்குத் தெரிந்துவிடும்.

துரை: சரி, கட்டணமும் கொடுத்து கமிஷனும் கொடுத்தால் முதல் எப்போது தேறும்? கணக்கைக் காட்டுங்கள்.

வேலன்: பாட்டில் விலையை 100 என்று வையுங்கள். தயாரிப்பு, பேக்கிங், டெலிவரி போக 45 நிற்கிறது. கோடு தள்ளுபடி 10, கமிஷன் 10. மிச்சம் 25. ஒருவருக்குக் கட்டணம் 600 என்றால் கோடு வழியாக 24 புது ஆர்டர் வர வேண்டும்.

கோடு 30 முறை பயன்பட்டிருக்கிறது என்று வையுங்கள். பார்த்தால் ஜெயித்த மாதிரிதான். ஆனால் ஆர்டர் பட்டியலில் மின்னஞ்சலை ஒப்பிட்டால் 9 பேர் பழைய வாடிக்கையாளர்கள். மீதி 21 பேரால் 525. கோடு போடாமல் வாங்கி, கேள்விக்கு இந்தக் கிரியேட்டர் பெயரைச் சொன்ன புதியவர்கள் 6 பேர். அவர்களிடம் முழு 45, ஆக 270. மொத்தம் 795. பழைய 9 பேருக்குத் தள்ளுபடியும் கமிஷனுமாகப் போன 180ஐக் கழித்தால் 615. கட்டணம் 600. மயிரிழையில் தேறியது.

துரை: பழையவர்கள் எப்படியும் வாங்கியிருப்பார்கள் என்பது உங்கள் ஊகம். ரீலைப் பார்த்துத்தான் திரும்பி வந்தார்களோ என்னவோ?

வேலன்: நியாயமான கேள்வி. பழையவர்கள் வழக்கமாக எத்தனை நாளுக்கொரு முறை வாங்குகிறார்கள் என்று பாருங்கள். அந்த இடைவெளி முடியும் தறுவாயில் வந்தவர் எப்படியும் வந்திருப்பார். பல மாதம் காணாமல் போனவர் என்றால் அவரைக் கிரியேட்டர் கணக்கில் சேர்க்கலாம். முழுத் தெளிவு இதில் கிடைக்காது.

நிலா: பழைய வாடிக்கையாளருக்குக் கமிஷன் கிடையாது என்றால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். மாதக் கடைசியில் கழித்தால் அடுத்த முறை யாரும் வரமாட்டார்கள்.

துரை: பாதிக் கட்டணம் முன்னால், மீதி பதிவு வந்தபின் என்றால் எனக்குச் சம்மதம். ஆனால் ஒரே ரீலை வைத்து எட்டு பேரை வரிசைப்படுத்துவதை ஏற்க மாட்டேன். ஒருவருக்கு 21 ஆர்டர், இன்னொருவருக்கு 17 என்றால் அந்த வித்தியாசம் அதிர்ஷ்டமாகக்கூட இருக்கலாம்.

முல்லை: அப்படியானால் எட்டு பேருக்கு ஒரு ரீல் என்பதை விட்டு, நான்கு பேருக்கு ஆளுக்கு இரண்டு என்று வைத்தால்?

வேலன்: நான் அப்படித்தான் செய்வேன். இரண்டு ரீலுக்கும் நடுவே இரண்டு வாரம் விடுங்கள், கோடும் தனித்தனியாக இருக்கட்டும்.