கலைச்சொல் தேவை: விதிக்குள் அடங்காத செலவு வரிகளின் பட்டியல்

ந.: வணக்கம். கணக்கு மென்பொருள் ஒன்றைத் தமிழாக்குகிறேன், வெள்ளிக்குள் கொடுத்தாக வேண்டும். செலவு விவரத்தை ஆளாளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள். மென்பொருள் அதில் குறிச்சொல் தேடி, ‘டயர்’ இருந்தால் வாகனப் பராமரிப்பு, ‘மை’ இருந்தால் எழுதுபொருள் என்று தலைப்பில் சேர்க்கிறது. முடிவெடுக்க முடியாத வரிகளை ஆள் பார்க்கட்டும் என்று ஒதுக்குகிறது. அந்தப் பட்டியலுக்கு என்ன பெயர்? ‘கைமுறை மறுஆய்வுப் பட்டியல்’ பொத்தானில் அடங்கவில்லை.

மு.: இதற்கு எதற்கம்மா புதுச்சொல்? எந்தத் தலைப்பு என்று தெரியாததைத் தற்காலிகமாகப் போட்டு வைக்கும் கணக்குதான் இருக்கிறதே, அனாமத்து. முப்பது வருஷமாக அப்படித்தான் எழுதுகிறோம்.

இரா.: அனாமத்து அரபு வழி வந்தது. ‘ஐயப்பட்டியல்’ என்க. தொல்காப்பியத்தில் ஐயக்கிளவி உண்டே! தூரத்தில் தெரிவது கட்டையா மனிதனா என்று உரைகாரர் காட்டும் இடம். ஆணா பெண்ணா என்ற ஐயத்துக்குப் பன்மையில் சொல் என்கிறார் தொல்காப்பியர். இன்னும் தோண்டினால்...

மு.: அப்படியானால் சந்தேக வரியை எல்லாம் ‘இதர செலவு’ என்று பொதுவில் போட்டுவிடலாமா ஐயா?

செ.: இரண்டும் பொருந்தவில்லை. அனாமத்தில் போட்டது பேரேட்டில் ஏறி, இருப்பும் காட்டும். இந்த வரிகள் இன்னும் ஏறவே இல்லை. ஐயம் என்றால் இரண்டு பொருளாவது எதிரே நிற்க வேண்டும். ‘டயர், பிரிண்டர் மை’ என்று ஒரே வரியில் எழுதினால் இரண்டு விதி மோதும், அது ஐயம். ‘முன்பு சொன்னது’ என்று எழுதியிருந்தால் எந்த விதியும் தொடாது, அதில் ஐயப்பட என்ன இருக்கிறது? இரண்டும் இதே பட்டியலில்தான் வரும்.

அதைவிட மோசம், பட்டியலுக்கே வராத பிழை. எங்களிடம் ‘மென்பொருள் உரிமைக் கட்டணம்’ எழுதுபொருளில் போய் உட்கார்ந்திருந்தது. உரி‘மை’! விதி பொருந்திவிட்டதால் யாரும் பார்க்கவில்லை.

கு.: `\b` போட்டால் முழுச்சொல் மட்டும்தான் பொருந்தும். நான் ஆங்கில விவரங்களுக்கு அப்படித்தான் செய்கிறேன், சிக்கலே இல்லை.

செ.: தம்பி, தமிழில் ஓட்டிப் பாருங்கள்.

```
re.findall(r"\bமை\b", "பிரிண்டர் மை")      # []
re.findall(r"\bமை\b", "உரிமைக் கட்டணம்")  # ['மை']
```

பைத்தானின் `re` உயிர்க்குறியை எழுத்தாகக் கொள்வதில்லை, அதனால் ஐகாரக் குறியோடு சொல் உடைந்துவிடுகிறது. வேண்டியதை விட்டு வேண்டாததைப் பிடிக்கிறது. இடைவெளியிலும் நிறுத்தக்குறியிலும் வெட்டிச் சொல்லோடு சொல் ஒப்பிடுங்கள். அப்போதும் ‘டயருக்கு’ தப்பும், ஆனால் அது பட்டியலுக்கு வரும், கண்ணில் படும். குட்டிக் குறிச்சொல் பிடித்த வரிகளை மட்டும் மாதாமாதம் ஒருமுறை புரட்டிவிடுங்கள்.

ந.: சரி, பொத்தான்?

செ.: ‘பார்க்க வேண்டியவை’. எல்லாருக்கும் புரியும்.

இரா.: அது சொற்றொடர், கலைச்சொல் அன்று.

கு.: எனக்கு ஓகே.

மு.: அனாமத்து இல்லை என்றால் எதுவோ ஒன்று. போடுங்கள்.

ந.: ‘பார்க்க வேண்டியவை’ என்றே அனுப்பிவிட்டேன். இரா. ஐயா மன்னிக்க.

இரா.: ‘நிலுவை வரி’ என்று இப்போது தோன்றுகிறது.

மு.: வரி பாக்கி என்று பயந்துவிடுவார்கள் ஐயா.