ஐந்து ரூபாய் முறுக்கு: கூலியைக் கணக்கில் சேர்ப்பதா, விடுவதா?

கரூர் குழுத்தலைவி:
நாங்கள் மூன்று பெண்கள் சேர்ந்து அரிசி முறுக்கு சுட்டு, அக்கம்பக்கத்துக் கடைகளின் கண்ணாடிப் புட்டிகளில் உதிரியாக வைத்து விற்கிறோம். 8 கிலோ பச்சரிசி, 2 கிலோ உளுந்து மாவுக்கு 20 கிராம் எடையில் சுமார் 650 முறுக்குகள் கிடைக்கின்றன. அரிசி, உளுந்து, அரைப்புக் கூலி, வெண்ணெய், எள் ஆகியவற்றுக்கு 1,000 ரூபாய், எண்ணெய்க்கு 600, எரிவாயுவுக்கு 300, உறைக்கும் வண்டிக்கும் 200 ஆக 2,100 ரூபாய் செலவாகிறது. கடைக்கு 4 ரூபாய்க்குக் கொடுக்கிறோம், கடையில் 5 ரூபாய்க்கு விற்கிறார்கள். ஒன்றுக்கு முக்கால் ரூபாய் நிற்க வேண்டும், ஆனால் கையில் எதுவும் நிற்பதில்லை. விலையை எப்படி வைப்பது?

அதிரசக்காரி:
நான் பொருள் செலவைக் கூட்டி மூன்றால் பெருக்கி விலை சொல்லிவிடுவேன். சீர்வரிசைக்கு அதிரசம் கேட்பவர்கள் முன்பணம் கொடுத்துவிடுவதால் ஒன்றுகூடத் திரும்பி வராது. நீங்களும் கடையை விட்டுவிட்டு இப்படியே செய்யலாமே.

பழைய கணக்காளர்:
அம்மா, உங்களுக்கு வாங்குபவர் முன்பே உறுதி. இவர்களுக்கு அப்படி இல்லை. மூன்றால் பெருக்கினால் முறுக்கு ஒன்று பத்து ரூபாயை நெருங்கும், அதைப் புட்டிக்குள் வைக்கவே கடைக்காரர் ஒத்துக்கொள்ள மாட்டார்.

சகோதரி, சுட்டது 650 என்கிறீர்கள். காசாக மாறியது எத்தனை? எடுக்கும்போதும் அடுக்கும்போதும் உடைந்தவை, கடையிலிருந்து திரும்பி வந்தவை இரண்டையும் சொல்லுங்கள்.

கரூர் குழுத்தலைவி:
உடைவது ஏறக்குறைய 40. கடைகளிலிருந்து திரும்புவது 50 வரை இருக்கும். உடைந்ததை கிலோ 100 ரூபாய் என்று தெருவிலேயே விற்றுவிடுகிறோம்; அதில் 80 ரூபாய் வரும். திரும்பி வந்தது நமுத்துப் போயிருக்கும், அதைக் கொட்டத்தான் வேண்டும்.

பழைய கணக்காளர்:
அப்படியானால் விற்றவை 560தான். நான்கு ரூபாய் வீதம் 2,240, உடைசல் 80, ஆக 2,320 ரூபாய் வருகிறது. பொருள் செலவு போக மிஞ்சுவது 220 ரூபாய். மூன்று பேர் ஆறு மணி நேரம் நின்றால் 18 மணி நேர உழைப்பு. மணிக்கு 12 ரூபாய்தான் தேறுகிறது. முக்கால் ரூபாய் எங்கே போனது என்று தேடுவதற்கு ஒன்றும் இல்லை, அது 650 என்ற எண்ணுக்குள்தான் இருந்தது.

மணிக்கு 60 ரூபாய் கூலி வைத்தால் 1,080. அடுப்பு, வாணலி, அச்சு தேய்மானத்துக்கு 70. மொத்தம் 3,250. உடைசல் வரவைக் கழித்து 560 ஆல் வகுத்தால் ஒன்றின் அடக்க விலை 5 ரூபாய் 66 காசு. கடைக்காரருக்கு விற்பனை விலையில் ஐந்தில் ஒரு பங்கு போனால், வாடிக்கையாளர் கொடுக்க வேண்டியது 7 ரூபாயைத் தாண்டுகிறது.

பெட்டிக்கடைக்காரர்:
ஐயா சொல்வது தாளில் சரி. என் கடையில் 5 ரூபாய்க்கு ஆள் உண்டு, 10 ரூபாய்க்கும் ஆள் உண்டு. 7 ரூபாய் என்றால் சில்லறையைத் தேடிக்கொண்டே போய்விடுவார்கள். வீட்டில் இருக்கிற நேரத்தில் செய்வதற்குக் கூலி போட்டுக் கணக்குப் பார்த்தால் எந்தக் குடிசைத் தொழிலும் நிற்காது. மிஞ்சுவதுதான் அவர்கள் கூலி. சேதத்துக்கு விலையில் பத்து சதவீதம் சேர்த்தால் போதும்.

பழைய கணக்காளர்:
வீட்டு நேரத்துக்கு விலை இல்லை என்பதை ஏற்க மாட்டேன். மூவரில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்து, வெளியிலிருந்து ஒருவரை அழைத்தால் அவருக்கு நாள் கூலி கொடுத்துத்தான் ஆக வேண்டும். அன்று 220 ரூபாய் மிச்சம் இழப்பாகிவிடும். கூலியைக் கணக்கில் எழுதிவிட்டுப் பிறகு விட்டுக்கொடுப்பது குழுவின் விருப்பம். எழுதாமல் விட்டால் எவ்வளவு விட்டுக்கொடுக்கிறோம் என்பதே தெரியாது.

சேதத்தை நீங்கள் தனியாகச் சேர்க்கச் சொல்வது சரி. ஆனால் இங்கே சேதம் 650க்கு 90, அதாவது கிட்டத்தட்ட 14 சதவீதம். மீதி 86 பங்கு முழுச் செலவையும் சுமக்க வேண்டும் என்பதால் விலை 14 அல்ல, 16 சதவீதம் ஏற வேண்டியிருக்கிறது, பத்து போதாது.

சமையற்கட்டு வாசகர்:
எண்ணெய்க்கு 600 என்பதை எப்படிக் கணக்கிட்டீர்கள்? வாணலியில் ஊற்றிய முழு எண்ணெயையும் செலவாகத்தான் எழுத வேண்டும். மிச்ச எண்ணெயை மறுபடி பயன்படுத்துவதே தவறு.

கரூர் குழுத்தலைவி:
தொடங்கும் முன்னும், முடித்து ஆறிய பின்னும் எண்ணெயை எடை போடுகிறோம். முறுக்கில் ஏறியது சுமார் மூன்றரை லிட்டர். அடியில் கசடோடு கொட்டியது அரை லிட்டர். லிட்டர் 150 ரூபாய் என்று 600. தெளிந்து நிற்பதை அடுத்த நாள் புது எண்ணெயுடன் சேர்க்கிறோம். கருத்தாலோ நுரைத்தாலோ சேர்ப்பதில்லை.

பழைய கணக்காளர்:
அவர் செய்வது சரியான முறை. வாசகரின் கவலையிலும் பாதி நியாயம் உண்டு: திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது எண்ணெயில் சேரும் மொத்த முனைவுச் சேர்மங்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைப் பொரிக்கப் பயன்படுத்தக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு விதி. பழைய எண்ணெயை இழுத்து ஓட்டினால் முறுக்கு விரைவில் சிக்கு வாடை அடித்துக் கடையிலிருந்து திரும்பும். மிச்சப்படுத்திய எண்ணெய்க் காசு அங்கே போய்விடும். எடை போடுவதில் இன்னொரு பயனும் உண்டு. அதே மாவுக்கு எண்ணெய் நான்கரை லிட்டர் இறங்கினால், தீ குறைவாக எரிந்தது அல்லது மாவில் வெண்ணெய் மிகுந்துவிட்டது என்று பொருள்.

பெட்டிக்கடைக்காரர்:
எண்ணெய் விலைதான் உங்களை விழுங்குகிறது. 2024 செப்டம்பரில் தீபாவளி நெருங்கும் நேரத்தில் கச்சா சமையல் எண்ணெய் இறக்குமதி வரியை 5.5 சதவீதத்திலிருந்து 27.5 ஆக்கினார்கள், 2025 மே மாத இறுதியில்தான் 16.5க்கு இறக்கினார்கள். ஆண்டுக்கொரு முறை விலை வைத்தால் தாங்குமா?

பழைய கணக்காளர்:
தாங்குகிறதா என்று பாருங்கள். லிட்டருக்கு 25 ரூபாய் ஏறினால் நான்கு லிட்டருக்கு 100 ரூபாய். 560 ஆல் வகுத்தால் ஒன்றுக்கு 18 காசு. திரும்பி வருவது 50லிருந்து 10 ஆகக் குறைந்தால் விற்பனை 600 ஆகி, அடக்க விலை 5 ரூபாய் 28 காசுக்கு இறங்குகிறது. அது 38 காசு. எண்ணெய் விலை செய்தியில் வருகிறது, நமுத்த முறுக்கு வருவதில்லை. நாள்தோறும் எந்தக் கடையில் எத்தனை மீந்தது என்று ஒரு வரி எழுதி, அதிகம் மீந்த கடைக்கு அடுத்த முறை குறைத்து வையுங்கள்.

அதற்கு மேலும் அடக்க விலைக்கும் 4 ரூபாய்க்கும் இடையே இருக்கும் பள்ளம் நிரம்பாது என்பதால் எடையை மாற்றிப் பாருங்கள். இப்போது 650 முறுக்கின் மொத்த எடை 13 கிலோ; 28 கிராமில் சுட்டால் அதே 13 கிலோவுக்கு 464 வரும். இதே சேத விகிதத்தில் 400 விற்கும். உடைசல் வரவைக் கழித்த மொத்தச் செலவான 3,170ஐ 400 ஆல் வகுத்தால் 7 ரூபாய் 93 காசு. கடையில் 10 ரூபாய், உங்களுக்கு 8.

பெட்டிக்கடைக்காரர்:
பள்ளிப் பிள்ளைகள் ஐந்து ரூபாயோடு வருகிறார்கள். பெரிய வளையம் இன்னும் உடையும். உங்கள் 464ல் சேதம் அதே அளவு என்று யார் சொன்னது?

பழைய கணக்காளர்:
யாரும் சொல்லவில்லை, சுட்டுத்தான் தெரிய வேண்டும். பெரிதாகப் பிழிந்தால் பிழியும் எண்ணிக்கை குறைந்து சற்று நேரம் மிஞ்சும்; உடைசல் கூடினால் அது கரைந்துவிடும்.

கரூர் குழுத்தலைவி:
பள்ளி எதிரிலுள்ள இரண்டு கடைகளுக்கு 20 கிராமையே வைத்துக்கொண்டு, பேருந்து நிலையக் கடைகளுக்கு மட்டும் 28 கிராம் கொடுத்துப் பார்க்கிறோம். ஆனால் திரும்பி வருவதை ஏற்க மாட்டோம் என்று சொல்லிவிட்டால் அந்தக் கடைக்காரர்கள் ஐந்தில் ஒரு பங்குக்குப் பதில் நான்கில் ஒரு பங்கு கேட்பார்கள். அப்போது எங்களுக்கு 7 ரூபாய் 50 காசுதான் வரும். அந்த இடத்தில் கணக்கு மறுபடி உடைகிறது.

பெட்டிக்கடைக்காரர்:
கேட்கத்தான் செய்வோம். மீந்தது எங்கள் தலையில் விழுந்தால் அதற்கு விலை உண்டு.