பிஎல்ஏ கழிவைப் பலகையாக்கும் முறை: செய்து பார்த்தவர்கள் பகிருங்கள்

நூற்கண்டு

உடைந்த பிரிண்ட், சப்போர்ட், நிறம் மாறும்போது 3டி பிரிண்டர் துப்பும் பர்ஜ் சுருள் எல்லாம் சேர்ந்து ஒரு பெட்டி நிரம்பிவிட்டால் அதை மறுபடி ஃபிலமென்ட் ஆக்கத்தான் முதலில் தோன்றும். வீட்டில் கைகூடுகிற வேலை அதுவல்ல. பலகையாக அழுத்தி எடுப்பதுதான் கைகூடும். 20 செ.மீ. சதுரம், 6 மி.மீ. தடிமன் உள்ள ஒரு பலகைக்கான செய்முறையை எழுதுகிறேன். மற்றவர்கள் திருத்துங்கள்.

கன அளவு 240 கன செ.மீ. பிஎல்ஏவின் அடர்த்தி 1.24 என்பதால் 298 கிராம் வரும். ஓரத்தில் பிதுங்குவதையும் சேர்த்து 320 கிராம் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய துண்டுகளைக் கட்டைவிரல் நக அளவுக்கு உடைத்தால் போதும், சுருளை அப்படியே போடலாம். எல்லாவற்றையும் 50 டிகிரியில் 6 மணி நேரம் உலர்த்துங்கள். இதைச் செய்யாமல் விட்டால் பலகை முழுக்கக் குமிழி விழும். ஈரத்தோடு உருகினால் பிஎல்ஏவின் மூலக்கூறுச் சங்கிலியும் அறுபடும், பலகை பிஸ்கட் மாதிரி ஒடியும்.

தட்டையான எஃகுத் தகடு, அதன்மேல் சிலிக்கோன் விரிப்பு, அதன்மேல் 6 மி.மீ. தடிமனுள்ள நான்கு உலோகப் பட்டைகளால் ஒரு சட்டம். தளர்வாகக் கொட்டிய துண்டுகள் உருகியதைப்போல் மூன்று மடங்கு இடம் பிடிக்கும். அதனால் ஒரே தடவையில் கொள்ளாது. பாதியைக் கொட்டி 190 டிகிரியில் 25 நிமிடம் வையுங்கள். அமுங்கியதும் மீதியைக் கொட்டி இன்னொரு 25 நிமிடம். பிறகு மேலே இன்னொரு விரிப்பு, இன்னொரு தகடு வைத்துக் கிளாம்ப் போட்டு, மேல்தகடு பட்டைகளில் முட்டும்வரை நான்கு மூலையையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள். கிளாம்பைக் கழற்றாமலே கை பொறுக்கும் சூட்டுக்கு ஆறவிடுங்கள். அவசரப்பட்டுக் கழற்றினால் மூலைகள் தூக்கிக்கொள்ளும்.

சமையலுக்குப் புழங்கும் ஓவன் வேண்டாம். ஜன்னல் திறந்திருக்கட்டும். தோல் கையுறை கட்டாயம், ஏனென்றால் உருகிய பிஎல்ஏ தோலில் ஒட்டினால் உதறினாலும் போகாது.

மூன்றாம்அச்சு

இவ்வளவு மெனக்கெட வேண்டாம். துண்டுகளை ஃப்ரீசரில் வைத்து மிக்ஸியில் அரைத்துவிட்டு 230க்கு ஏற்றினால் தண்ணீராக ஓடித் தானே மட்டமாகிவிடும். கிளாம்பும் வேண்டாம், தகடும் வேண்டாம்.

கரிநாசில்

மிக்ஸி சரி, மற்றது சரியில்லை. 230லும் பிஎல்ஏ கெட்டித் தேன் மாதிரிதான் இருக்கும். உள்ளே மாட்டிய காற்று தானாக மேலே வராது, அழுத்தித்தான் வெளியேற்ற வேண்டும். நாசிலுக்குள் 220ல் அது சில நொடிதான் இருக்கிறது. ஓவனில் அரை மணிக்கு மேல் இருக்கப்போகிறது. அந்தச் சூட்டில் அவ்வளவு நேரம் வைத்தால் வெள்ளை முதலில் மஞ்சளாகும், பிறகு பழுப்பாகும். வெளுத்த நிறத் துண்டு ஒன்றை மேலே வைத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும். சிறிய ஓவன்களில் குமிழ் காட்டும் எண்ணை நம்பாதீர்கள், உள்ளே தனி வெப்பமானி ஒன்று இருக்கட்டும். மேல் கம்பியின் நேரடிச் சூட்டுக்கு அலுமினியத் தாளை மூடுங்கள்.

ஃப்ரீசரும் தேவையில்லை. பிஎல்ஏ சாதாரண அறைச் சூட்டிலேயே நொறுங்கும். குளிர்ந்த துண்டை வெளியே எடுத்ததும் மேலே நீர் பூக்கும், உலர்த்திய வேலை வீணாகும். மிக்ஸியில் எதிரி சூடுதான். பிளேடுக்குப் பக்கத்தில் 60 டிகிரியைத் தாண்டினால் தூள் இளகிச் சுவரில் அப்பிக்கொள்ளும். அதனால் 5 நொடி ஓட்டு, அரை நிமிடம் நிறுத்து. ஜாரில் கால்பங்குக்கு மேல் போடாதீர்கள். கெட்டியான கட்டியைத் துணிப்பையில் போட்டுச் சுத்தியலால் உடைத்த பிறகே உள்ளே விட வேண்டும், இல்லாவிட்டால் பிளேடு வளையும். தூசி அடங்கிய பிறகு முகமூடியோடு மூடியைத் திறங்கள். அந்த ஜார் இனி சமையலறைக்குத் திரும்பக் கூடாது.

பலகைக்கு இவ்வளவு பொடியாக அரைக்கத் தேவையும் இல்லை. பெரிய துண்டாக இருந்தால்தான் நிறங்கள் கல் பதித்த தரை மாதிரி தனித்தனியாக நிற்கும். பொடியாக அரைத்துக் கலந்தால் எல்லாம் சேர்ந்து சாம்பல் கலந்த பழுப்புதான் மிஞ்சும்.

அடுக்கடுக்காய்

என் பெட்டியில் இருப்பது பிஎல்ஏ பிரிண்ட்டும் அதற்கு சப்போர்ட்டாகப் போட்ட பெட்ஜியும். பர்ஜ் கட்டி ஒவ்வொன்றிலும் இரண்டும் இருக்கிறது. இதற்கு எந்த எக்ஸ்ட்ரூடர் வாங்கினால் நல்ல ஃபிலமென்ட் வரும்?

கரிநாசில்

பலகையைப் பற்றிய பேச்சு இது, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். பெட்ஜியை பிஎல்ஏவுக்கு சப்போர்ட்டாகப் போடுவதே இரண்டும் ஒட்டாது என்பதால்தானே? அதே காரணத்தால் கலந்த கட்டி எதற்கும் உதவாது. 190ல் பெட்ஜி சரியாக இளகாமல் துண்டு துண்டாக நிற்கும், அந்த இடத்தில் பலகை தோல் உரிவதுபோல் பிரியும். கலந்த கட்டியை ஒதுக்கிவிடுங்கள். தனித்தனியாக உள்ள துண்டில் எது எது என்று சந்தேகம் வந்தால் 70 டிகிரி வெந்நீரில் ஒரு நிமிடம் போடுங்கள். பிஎல்ஏ துவளும், பெட்ஜி விறைப்பாகவே இருக்கும்.

ஃபிலமென்ட் விஷயத்தில் உருக்குவது சுலபம், விட்டத்தைப் பிடிப்பதுதான் கஷ்டம். 1.75க்குப் பதில் 1.65 மி.மீ. வந்தால் குறுக்குப் பரப்பு 11 சதவீதம் குறையும், சுவரில் இடைவெளி விழும். 1.85 வந்தால் 12 சதவீதம் கூடும், குழாயில் இறுகவும் வாய்ப்புண்டு. அரைத்த துண்டுகள் ஒரே அளவில் இல்லாததால் புனலில் ஒன்றோடொன்று கோத்துப் பாலம் கட்டிக்கொள்ளும். திருகுக்குத் தீனி விட்டு விட்டுப் போகும், விட்டமும் அதற்கேற்ப ஏறி இறங்கும். புதிய குருணையைப் பாதிக்குப் பாதி கலந்தால் இது குறையும். ஆனால் அப்போது கழிவைத் தீர்ப்பதற்காகப் புதுப் பொருள் வாங்குகிறோம்.

வண்ணத்தாள்

பெட்டி நிரம்பும் வேகத்தையும் பாருங்கள். ஒரு நிறமாற்றத்துக்கு 300 கன மி.மீ. பர்ஜ் என்றால் 0.37 கிராம். 400 மாற்றம் உள்ள பொம்மைக்கு 149 கிராம். அதாவது இரண்டு பொம்மைக்கு ஒரு பலகை! அதே தட்டில் நான்கு பொம்மைகளைச் சேர்த்து அச்சிட்டாலும் மாற்றம் 400தான், ஏனென்றால் ஒரு அடுக்குக்கு எத்தனை மாற்றம் என்பதே கணக்கு. ஒரு பொம்மைக்கு 37 கிராமாக இறங்கிவிடும். ஒன்று பெயர்ந்தால் நான்கும் கெடும் என்ற ஆபத்து இருக்கிறது.

OrcaSlicer-ல் `Flush into objects' infill`, PrusaSlicer-ல் `Wipe into this object's infill` என்று இருப்பதைப் போட்டால் பர்ஜின் ஒரு பகுதி பொருளுக்குள்ளேயே போய்விடும். வெளிச்சுவர் வெளுத்த நிறமென்றால் உள்ளே போன கறுப்பு நிழலாடும், சுவரை மூன்று நான்காகக் கூட்டுங்கள்.

நூற்கண்டு

பலகையை அறுக்கும்போது ஒன்று. வேகமாக ஓடும் ரம்பத்தில் பிஎல்ஏ உருகிப் பல்லில் ஒட்டி, அறுத்த கோடே பின்னால் மறுபடி மூடிக்கொள்ளும். பெரிய பல், குறைந்த வேகம், இடையிடையே நிறுத்தம். வெயிலில் நிற்கும் காருக்குள் இந்தப் பலகை வேண்டாம்.

மூன்றாம்அச்சு

அதற்கு வழி இருக்கிறது. ஆறும்போது 105 டிகிரியில் ஒரு மணி நேரம் நிறுத்தினால் பிஎல்ஏ படிகமாகும், சூட்டைத் தாங்கும். இதில் நான் விடமாட்டேன்.

கரிநாசில்

படிகமாவது உண்மை, ஒளி ஊடுருவும் துண்டுகள் பால் நிறமானால் நடந்திருக்கிறது என்று அர்த்தம். ஆனால் படிகமாகும்போது சுருங்கவும் செய்யும். கிளாம்புக்குள் இருந்தும் பலகை வளைந்ததைப் பார்த்திருக்கிறேன். பளபளப்பு வகை, மேட் வகை எல்லாம் ஒரே பெட்டியில் கலந்திருக்கும்போது ஒரு மூலை படிகமாகும், இன்னொரு மூலை ஆகாது. ஒரே வகைத் துண்டில் செய்து, 70 டிகிரி வெந்நீரில் ஒரு கீற்றைப் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுங்கள். துவளாமல் நின்றால் நானும் ஒத்துக்கொள்கிறேன்.