மாதம் நாலு முறை ஓட்டும் காரை வைத்துக்கொள்வதா, சந்தாவா, டாக்ஸியா?

மழைக்கால மேகம்:
ஏழு வருடக் கார், கடன் முடிந்துவிட்டது. வேலை வீட்டிலிருந்தே என்பதால் மாதம் நாலு முறைதான் எடுக்கிறேன், ஒவ்வொரு தடவையும் போக 10 கிலோமீட்டர், வர 10. வருடத்துக்கு இரண்டு நெடும்பயணம், தலா 600 கிலோமீட்டர். மாதச் செலவு நெருக்குகிறது. விற்றுவிட்டுச் சந்தாவில் கார் எடுக்கலாமா, டாக்ஸி ஆப் போதுமா, இதையே வைத்துக்கொள்ளவா?

நாலுசக்கரம்:
கடன் முடிஞ்ச காரை யாராவது விப்பாங்களா? இனிமே அது இலவசக் கார். பெட்ரோல் போட்டா ஓடும், போடலேன்னா சும்மா நிக்கும். சந்தாக்காரனுக்கு மாசா மாசம் கட்டறதுக்கு இது எவ்வளவோ மேல்.

வேகத்தடை:
நான் இரண்டு வருடமாகச் சந்தாவில்தான் ஓட்டுகிறேன். இன்சூரன்ஸ், வரி, சர்வீஸ் எல்லாம் அதிலேயே அடங்கிவிடும். தினமும் 60 கிலோமீட்டர் ஆபீஸ் போய் வருகிறேன், ஒரு நாள்கூட வண்டியைப் பற்றி யோசித்ததில்லை. உங்கள் கவலை மாதச் செலவுதானே? மாதம் ஒரே தொகை, திடீர்ச் செலவே கிடையாது. சந்தா எடுங்கள்.

பேரேடு:
வேகத்தடை, தினம் 60 கிலோமீட்டர் ஓட்டும் உங்களுக்கு அது பொருந்துகிறது. மாதம் 80 ஓட்டுபவருக்குப் பொருந்தாது. சந்தாத் தொகையில் மாதத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று ஒரு வரம்பு சேர்ந்தே வருகிறது. தாண்டினால் கூடுதல் கட்டணம் கேட்பார்கள், ஓட்டாமல் விட்ட கிலோமீட்டருக்குப் பெரும்பாலும் எதுவும் திரும்பி வராது. குறைவாக ஓட்டுபவர் தான் தொடாத தூரத்துக்கும் பணம் கட்டிக்கொண்டிருப்பார். திடீர்ச் செலவு இல்லை என்பது உண்மைதான். ஆனால் செலவு ஒரே அளவாக இருப்பதும் குறைவாக இருப்பதும் வேறு வேறு.

நாலுசக்கரம் சொல்லும் இலவசக் கார் பற்றியும் ஒன்று. நிற்கிற காரிலும் பணம் கரைகிறது. இன்றைக்கு விற்றால் என்ன கிடைக்கும், அடுத்த வருடம் விற்றால் என்ன கிடைக்கும் என்ற வித்தியாசம்தான் அந்தச் செலவு. பில் வராததால் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. தெரிந்துகொள்ள வழி சுலபம்: பழைய கார் வாங்குபவர் இரண்டு பேரிடம் உங்கள் காருக்கு விலை கேளுங்கள், அதே மாடலில் ஒரு வருடம் மூத்த காருக்கும் கேளுங்கள்.

மேகம், ஒரு 10 கிலோமீட்டர் டாக்ஸிக் கட்டணத்தை ‘ஒரு சவாரி’ என்று வைத்துக்கொண்டு, உங்கள் செலவையெல்லாம் அந்தக் கணக்கில் மாற்றி எழுதுங்கள். பேசுவது எளிதாக இருக்கும்.

மழைக்கால மேகம்:
நேற்று முழுக்க உட்கார்ந்து பார்த்தேன். இன்சூரன்ஸ், வரி, சர்வீஸ், நிறுத்துமிட வாடகை சேர்த்து வருடத்துக்கு 65 சவாரி. இதில் நிறுத்துமிட வாடகை மட்டும் 20. விலை வித்தியாசம் கேட்டதில் 45 வந்தது, அது எனக்கு அதிர்ச்சி. சொந்தக் காரில் 10 கிலோமீட்டருக்கு எரிபொருள் கால் சவாரி. சந்தா மாதம் 30 சவாரி சொன்னார்கள், எரிபொருள் தனி.

பேரேடு:
நன்றாக எழுதியிருக்கிறீர்கள். டயருக்கும் பேட்டரிக்கும் வருடம் 15 சவாரி ஒதுக்குங்கள். டயர் ஓடாவிட்டாலும் ரப்பர் இறுகி விரிசல் விடும். அதன் பக்கவாட்டில் அச்சிட்டிருக்கும் நாலு இலக்கத்தில் முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். ஏழு வருடத்துக்கு முந்திய டயரே இன்னும் இருந்தால், பள்ளம் ஆழமாகத் தெரிந்தாலும் காட்டிவிடுவது நல்லது.

இப்போது கார் நின்றாலே 125. உள்ளூரில் மாதம் 8 சவாரி, வருடம் 96, அதற்கு எரிபொருள் 24. நெடும்பயணம் 1200 கிலோமீட்டருக்கு 30. மொத்தம் 179.

டாக்ஸி என்றால் அதே 96. நெரிசல் நேரத்தில் கட்டணம் ஏறும், மழையில் ஏறும், ரத்தானதற்கும் சில சமயம் கழியும். அதற்காக 14 சேர்த்து 110 என்று வைப்போம். நெடும்பயணத்துக்கு ஓட்டுநர் இல்லாத வாடகைக் கார், மொத்தம் ஆறு நாள், நாளுக்கு 6 சவாரி என்றால் 36, எரிபொருள் 30. மொத்தம் 176.

சந்தா: 360, எரிபொருள் 54, ஆக 414. முன்பணம் தனி. சந்தாவை நான் இத்தோடு விட்டுவிடுகிறேன்.

நாலுசக்கரம்:
179க்கும் 176க்கும் என்னங்க வித்தியாசம்? மூணு சவாரிக்காக நல்லாத் தெரிஞ்ச வண்டியை விக்கணுமா? நிறுத்த இலவச இடம் கிடைச்சா கார் 159க்கு வந்துடும், அப்புறம் டாக்ஸிதான் அதிகம். பின்னாடி மறுபடி கார் வேணும்னா, இதே தரத்துல ஒண்ணை இந்த விலைக்கு வாங்க முடியாது.

பேரேடு:
ஒப்புக்கொள்கிறேன், இலவச இடம் கிடைத்தால் முடிவு மாறும். ஆனால் வண்டியை விற்றுக் கிடைக்கும் பணத்தை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. அது வட்டி ஈட்டும், அவசரத்துக்கும் கையில் இருக்கும். மேகத்துக்கு நெருக்கடி மாதச் செலவில் என்பதால் அது சிறிய விஷயம் அல்ல.

பகல்விளக்கு:
எண்ணை மட்டும் பார்க்கிறீர்கள். என் அம்மாவுக்கு மூச்சுத்திணறல் உண்டு. ஒரு ராத்திரி இரண்டு மணிக்கு டாக்ஸிக்கு முயன்றேன். மூன்று ஓட்டுநர்கள் ஏற்றுக்கொண்டு ரத்து செய்தார்கள், நாலாவது வந்து சேர 40 நிமிடம். அன்றிலிருந்து காரை விற்கும் பேச்சே எங்கள் வீட்டில் இல்லை.

சந்தாவும் பார்த்தாயிற்று. திருப்பிக் கொடுக்கும்போது பம்பரில் இருந்த கீறலுக்கு முன்பணத்தில் பெரும்பகுதியைப் பிடித்தார்கள். அது எடுக்கும்போதே இருந்த கீறல், ஆனால் என்னிடம் போட்டோ இல்லை. யார் எடுத்தாலும் சாவி வாங்கும் அன்றே நாலு பக்கமும், சக்கரமும், கிலோமீட்டர் எண்ணும் தேதியோடு படம் பிடித்துக்கொள்ளுங்கள்.

பேரேடு:
மூச்சுத்திணறலுக்கு ஆம்புலன்ஸைத்தான் முதலில் கூப்பிட வேண்டும், சகோதரி. ஆனாலும் உங்கள் பயம் நியாயமானது, அதற்கு என் கணக்கில் கட்டம் இல்லை. மேகம், உங்கள் வீட்டில் அப்படி யாராவது உண்டா?

மழைக்கால மேகம்:
அப்பா இருக்கிறார், இப்போதைக்கு நலம். இதை அவரிடமும் பேச வேண்டும். விற்கும் முன் இரண்டு மாதம் காரைத் தொடாமல் இருந்து பார்க்கலாம் என்று நினைக்கிறேன். சாவியை அலமாரியில் வைத்துவிட்டால் போதும்தானே?

பேரேடு:
போதாது. நிற்கும் காரிலும் அலாரம், கடிகாரம், பூட்டுக்கு 30 மில்லியாம்ப் அளவில் மின்சாரம் போய்க்கொண்டே இருக்கும். நாளுக்கு 0.7 ஆம்பியர் மணி. 45 ஆம்பியர் மணி பேட்டரியில் ஒரு மாதத்தில் பாதி காலி. அப்படியே விட்டால் பேட்டரி கெட்டுப்போகும். மைனஸ் முனையைக் கழற்றி வையுங்கள். ஆனால் அதற்கு முன், ரேடியோ ரகசிய எண் கேட்குமா என்று கையேட்டில் பாருங்கள். டயரில் காற்றைக் கொஞ்சம் கூட்டி வையுங்கள். இரண்டு மாதத்தில் எத்தனை தடவை டாக்ஸி தேடினீர்கள், எவ்வளவு காத்திருந்தீர்கள், எத்தனை தடவை போகாமலே விட்டீர்கள் என்று குறித்து வையுங்கள். அந்தக் கடைசி எண்ணைத்தான் நான் முதலில் கேட்பேன்.

நாலுசக்கரம்:
கழட்டறதுக்குப் பதிலா வாரம் ஒரு தடவை அரை மணி நேரம் ஓட்டலாமே?

பேரேடு:
ஓட்டலாம். சும்மா நிறுத்தி வைத்து ஐந்து நிமிடம் எஞ்சினை ஓடவிடுவதுதான் வீண். வாரம் முழுக்கப் பேட்டரியிலிருந்து போனது அதில் திரும்ப ஏறாது.