மஞ்சள் ஜெயித்தது, அரக்கு விற்றது

காரைக்குடி, கண்டாங்கி விற்பவர்:
தறியில் அடுத்து ஏற்றும் பாவுக்கு எந்த நிறம் என்று முடிவு செய்ய, இன்ஸ்டாகிராம் ஸ்டோரியில் ‘அரக்கா, கடுகு மஞ்சளா?’ என்று வாக்கெடுப்பு வைத்தேன். மஞ்சள் அமோகமாக ஜெயித்தது. எனக்கென்னவோ நம்பிக்கை வரவில்லை. அதே இரண்டு புடவைகளையும் பதிவாகப் போட்டு, படத்தின் கீழ் முதல் வரியிலேயே, ‘பொங்கலுக்கு எடுப்பதென்றால் எதை எடுப்பீர்கள்? யாருக்கு?’ என்று கேட்டேன். ‘அம்மாவுக்கு அரக்கு’, ‘மாமியாருக்கு அரக்கு, ஆனால் கறுப்புக் கரை வேண்டாம்’ என்று பதில்கள் வந்தன. ஆர்டரும் அரக்குக்குத்தான். இப்படி உங்களுக்கும் நடந்திருக்கிறதா?

காரைக்குடி, மசாலாப் பொடி:
இவ்வளவு யோசிக்க வேண்டாம் அக்கா. ‘காரம் பிடிக்குமென்றால் ஆமாம் என்று எழுதுங்கள்’ என்று போடுங்கள், பதில்கள் குவியும். எனக்குக் குவிகிறது.

தேவகோட்டை, பலகாரம்:
குவியும் தம்பி. அந்த ஆமாமை வைத்து எத்தனை கிலோ மிளகாய் அரைப்பீர்கள்? இப்படிப் பதில் பிடுங்கும் பதிவுகளைக் கீழே தள்ளுவோம் என்று ஃபேஸ்புக் 2017 டிசம்பரிலேயே அறிவித்துவிட்டது.

காரைக்குடிப் பெண்ணுக்கு: வாக்களித்தவர்களின் பெயர்கள் உங்களுக்குத் தெரியும். ஸ்டோரி 24 மணி நேரத்தில் மறைவதற்குள் பட்டியலை எடுத்து ஆர்டர் நோட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ‘சீப்புச் சீடையா, மாவுருண்டையா?’ என்று நான் கேட்டபோது ஓட்டுப் போட்டவர்களில் பாதிப் பேர் சொந்தக்காரர்கள், மீதியில் பலர் என்னைப்போலப் பலகாரம் விற்பவர்கள். நோட்டில் இருக்கும் பெயர்கள் விரல்விட்டு எண்ணும் அளவுதான். ஒரு தொடுதலுக்குச் செலவில்லை அல்லவா, அழகாக இருப்பதைத் தொடுகிறார்கள். அதன் பிறகு இரண்டுக்கும் அரை கிலோ விலையைச் சேர்த்தே கேட்கிறேன். பதில் குறைகிறது. ஆனால் பதில் சொல்பவர்கள் வாங்குகிறார்கள்.

ஆத்தங்குடி, தரைக்கல் பட்டறை:
நான் எதைக் கேட்டாலும் சதுர அடி என்ன விலை என்றுதான் எழுதுகிறார்கள். நிறத்தைக் கேட்டால் இன்னும் வம்பு. போனில் பார்த்த பச்சையைத்தான் வாங்கினேன், வந்தது வேறு என்று ஒருவர் சண்டைக்கு வந்துவிட்டார்.

தேவகோட்டை, பலகாரம்:
அண்ணே, உங்கள் கதை வேறு. நிறத்தைக் கேட்காதீர்கள், எந்த அறைக்கு என்று கேளுங்கள். கூடமா, பூஜை அறையா என்று தெரிந்தால் எந்தப் பூ வேலைப்பாட்டை முதலில் காட்டலாம் என்று உங்களுக்கே தெரியும். நிறத்துக்கு ஒரு கல்லை அனுப்பி வைப்பதுதான் வழி.

காரைக்குடி, மசாலாப் பொடி:
கீழே தள்ளுவார்கள் என்கிறீர்கள் ஆச்சி, என் பதிவு இன்றும் நன்றாகத்தான் ஓடுகிறது.

காரைக்குடி, கண்டாங்கி விற்பவர்:
பட்டியலைப் பார்த்துவிட்டேன். மஞ்சளுக்குப் போட்டவர்களில் பெரும்பாலோர் கல்லூரிப் பிள்ளைகள். பதிவில் பதில் எழுதியவர்கள்தான் புடவை எடுப்பவர்கள். இனி ஸ்டோரியில் நிறம் கேட்கப் போவதில்லை. கறுப்புக் கரை விஷயம்தான் பாக்கி. அதை எடுத்துவிட்டால் கண்டாங்கி என்று சொல்லாதே என்கிறார் நெய்பவர். கேட்டவர்களோ விடுவதாயில்லை. இரண்டே புடவை அப்படி நெய்து தரச் சொல்லியிருக்கிறேன், இன்னும் சம்மதிக்கவில்லை.