வாஷிங் மெஷினில் OE காட்டுகிறது: மெக்கானிக்குக்கு என்ன எழுதி அனுப்புவது?

தங்கச்சிமடம் ஜெனி:
முன்பக்கம் கதவு உள்ள மெஷின். துவைத்து முடிந்தபின் தண்ணீர் வெளியேறாமல் நிற்கிறது, திரையில் OE வருகிறது. மெக்கானிக் ராமநாதபுரத்திலிருந்து பாம்பன் பாலம் தாண்டி வரணும். "என்ன பிரச்சினைன்னு தெளிவா எழுதி அனுப்புங்க, அதுக்கேத்த சாமானோட வர்றேன்"னு சொல்லியிருக்கார். நான் எழுதி வைத்திருப்பது: "அண்ணே, மெஷின் ஓடலை, ஒரு மாதிரி சத்தம் வருது, OE காட்டுது." இது போதுமா? வேலைக்குப் போறவங்க துணியெல்லாம் உள்ளேயே ஊறிக் கிடக்கு.

கீழக்கரை வாசி:
எல்லாம் உப்புத் தண்ணீர் செய்ற வேலை. உப்புப் படிவை எடுக்கிற பவுடரைப் போட்டு, சூட்டுத் தண்ணியில ஒரு தடவை ஓட்டுங்க. எங்க வீட்ல அப்படித்தான் சரியாச்சு.

பரமக்குடி பழைய மெக்கானிக்:
நம்ம பக்கத்துத் தண்ணியில ஹீட்டர்ல படிவு கட்டுறது உண்மைதான். ஆனா இப்ப தண்ணியே வெளியேறலை. நிக்கிற தண்ணி மேல இன்னொரு சுற்று ஓட்டினா துணி இன்னும் ஊறுமே தவிர வடியாது. பவுடர் பிறகு பார்க்கலாம்.

தங்கச்சி, OE-ன்னா பொதுவா தண்ணி வடியலைன்னு அர்த்தம். ஏன் வடியலைன்னு அது சொல்லாது, அதைச் சத்தம்தான் சொல்லும். ஸ்பின் மட்டும் வச்சு, கீழ்ப்பக்கம் காது வச்சுக் கேளுங்க. 'ம்ம்ம்'னு முனகி, தண்ணி வரலைன்னா தண்ணியை வெளியே தள்ற பம்ப்புக்குக் கரண்ட் போகுது, ஆனா உள்ளே விசிறி ஏதோ சிக்கி நிக்குது. மணல், காசு, சட்டை ஊக்கு, பிள்ளைங்க பையில போட்டு வந்த சிப்பித் துண்டுன்னு எதுவா வேணும்னாலும் இருக்கலாம். பம்ப் நல்லா சுத்துற சத்தம் கேட்டும் தண்ணி கொஞ்சமா ஒழுகினா, குழாய் அடைப்பு. சத்தமே இல்லைன்னா கரண்ட் போகலை, இல்ல பம்ப் காயில் போயிருச்சு. தண்ணி முழுக்க வடிஞ்ச பிறகும் OE வந்தா, தண்ணி மட்டத்தைப் பார்க்கிற சென்சார் பக்கம் பார்க்கணும். இந்த நாலுல எதுன்னு தெரிஞ்சாதான் அவர் எதைத் தூக்கிட்டு வரணும்னு முடிவு பண்ணுவார்.

மண்டபம் தம்பி:
எங்க மெஷினும் இதே மாதிரிதான் அண்ணே. பிழியும்போது தடதடன்னு ஆடி, சுவர் வரை நகருது. பம்ப் மாத்தணுமா?

பரமக்குடி பழைய மெக்கானிக்:
இல்ல தம்பி, உங்களது வேற. வேகமாச் சுத்தும்போது மட்டும் வர்ற சத்தம் பேரிங், அதிர்வு தாங்கிகள், இல்ல மெஷினோட கால் சமமா நிக்காதது. தனியாக் கேளுங்க.

தங்கச்சிமடம் ஜெனி:
கேட்டுப் பார்த்தேன். முனகல்தான். சில விநாடி முனகி, நின்னு, மறுபடி முனகுது. ஆனா இடையில ஒரு தடவை சத்தமே இல்லாம இருந்துச்சு. கீழே இருக்கிற ஃபில்டரோட வட்ட மூடி கையால திருகினா வரலை. இடுக்கி வச்சுத் திருகட்டுமா?

பரமக்குடி பழைய மெக்கானிக்:
வேணாம். மரை உடைஞ்சா பம்ப்போட வெளிக்கூடே மாத்த வேண்டி வரும். தண்ணி நிறைஞ்சிருக்கும்போது அது திறந்தா வீடு முழுக்க ஓடும். முதல்ல பிளக்கைப் பிடுங்குங்க. மூடி பக்கத்துல சின்ன ரப்பர் குழாய் இருந்தா அதை இழுத்து, தட்டுல கொஞ்சம் கொஞ்சமா வடிச்சிடுங்க. அப்புறம் துணியை எடுத்திடலாம்.

சத்தம் இல்லாம நின்னதைக் கட்டாயம் எழுதுங்க. கடல்காத்துல பம்ப் வயர் முனையில பச்சைக் களிம்பு பிடிச்சு, கரண்ட் விட்டு விட்டுப் போறதும் உண்டு. சிக்கினதா, களிம்பா, ரெண்டுமா, இங்கிருந்து சொல்ல முடியாது.

தங்கச்சிமடம் ஜெனி:
இப்படி எழுதியிருக்கேன்:

"அண்ணே, முன்பக்கக் கதவு மெஷின். கதவைத் திறந்தா உள்ளே ஒட்டியிருக்கிற ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்து இதோட அனுப்புறேன், அதுல மாடல் எண் இருக்கு. காட்டன் 40 டிகிரியில போட்டேன். தண்ணி ஏறுது, துவைக்குது, அதுவரைக்கும் வித்தியாசமான சத்தம் எதுவும் இல்லை. துவைப்பு முடிஞ்சு தண்ணி வடிய வேண்டிய நேரத்துல கீழ் வலது பக்கம் 'ம்ம்ம்'னு முனகல், இடையிடையே நிக்குது. ஏறக்குறைய 10 நிமிஷம் கழிச்சு பீப் அடிச்சு OE வருது. அணைச்சு ஸ்பின் மட்டும் வச்சாலும் அதேதான். ஒரு தடவை முனகலே இல்லை. வெளிக்குழாயில ஒரு சொட்டும் வரலை, குழாய் மடங்கவும் இல்லை. தண்ணி கண்ணாடியோட கீழ் விளிம்பு வரை நின்னுச்சு, சின்னக் குழாய் வழியா வடிச்சிட்டேன். ஃபில்டர் மூடி இறுகியிருக்கு, பலமாத் திருகலை. முனகல் சத்தத்தைப் பதிவு பண்ணி அனுப்புறேன்."

கீழக்கரை வாசி:
வோல்டேஜ் குறைஞ்சாலும் பம்ப் முனகும். அதையும் சேர்த்துக்கங்க.

பரமக்குடி பழைய மெக்கானிக்:
அது சரியான கேள்வி. அந்த நேரம் ஃபேன் மெதுவாச் சுத்துச்சா, விளக்கு மங்குச்சான்னு ஒரு வரி சேருங்க. மத்தபடி அனுப்பிடுங்க.

தங்கச்சிமடம் ஜெனி:
ஃபேன் வழக்கம்போலத்தான் ஓடுச்சு. அதையும் எழுதி அனுப்பிட்டேன். "பம்ப் ஒண்ணும் வயர் முனைகளும் கொண்டு வர்றேன், மூடியை நான் வந்து திறக்கிறேன்"னு பதில் வந்திருக்கு. பம்ப்பைப் பிரிச்சுச் சுத்தம் பண்ணினாலே ஓடிருச்சுன்னா புதுசு போடச் சொல்லணுமா, வேணாமா?

பரமக்குடி பழைய மெக்கானிக்:
பம்ப் விசிறியைக் கையால சுத்திப் பார்த்து, எங்கேயும் சிக்கி நிக்காமச் சுத்தினா பழசையே ஓட்டலாம். ஆட்டம் அதிகமா இருந்தாலோ, பம்ப் பக்கம் தண்ணி கசிஞ்ச தடம் இருந்தாலோ மாத்திடுங்க. அவர் திறக்கும்போது பக்கத்துல நின்னு பாருங்க.